வீயும் செம்மலும்: குரூப் 4 தமிழ்த் தாளில் கிட்டத்தட்டச் சரியான விடை ஏன் தவறாகிறது

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு உத்தேச விடைக்குறிப்போடு தாளை ஒப்பிடும்போது, முழுக்கத் தெரியாத கேள்விகள் யாரையும் அவ்வளவாக வருத்துவதில்லை. தெரியும் என்று நம்பிப் போட்டு, கடைசியில் பக்கத்து வட்டம் சரியாகிப் போன கேள்விகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். அதில் பெரும்பங்கு கோடிட்ட இடம் நிரப்புதலும் சொற்பொருளும். “நான் போட்டதும் அதே அர்த்தம்தானே?” என்ற கேள்வியை எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து நான் கேட்காத வாரம் இல்லை.

தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். இப்படி நாலைந்து கேள்வி போனால் தரவரிசையில் நிறைய பேர் முன்னால் போய்விடுவார்கள். அதனால் விடையைச் சரிபார்ப்பது என்றால் டிக் போட்டு எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. நீங்கள் போட்ட சொல் எந்த இடத்தில் இடறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதல் முறை எழுதுகிறவர்களுக்காக எழுதுவதால் நிதானமாகவே போகிறேன்.

முதலில் கோட்டைச் சுற்றிப் பாருங்கள்

விடைக்குறிப்பைத் திறக்கும் முன், தவறாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு நான்கு விடைகளையும் கையால் மறையுங்கள். வாக்கியத்தை மட்டும் படியுங்கள். கோட்டுக்கு முன்னால் நிற்கும் சொற்களின் கடைசி எழுத்துகளை வட்டமிடுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு வேற்றுமை உருபு இருக்கும். ஐ இருக்கிறதா, கு இருக்கிறதா, ஓடு அல்லது உடன் இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். பயிற்சிக்காக நானே எழுதியது.

கிராம மக்களின் நெடுநாள் கோரிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் ______.
அ) ஏற்றது   ஆ) இணங்கியது   இ) அங்கீகரித்தது   ஈ) ஆதரித்தது

நான்குமே “சரி என்று சொன்னது” என்ற ஒரே கருத்தைச் சுற்றித்தான் வருகின்றன. அவசரத்தில் படிப்பவர் ‘ஏற்றது’ என்று போட்டுவிடுவார். கோரிக்கையும் ஏற்றலும் நாம் செய்தித்தாளில் சேர்த்தே பார்த்துப் பழகிய சொற்கள், மனம் தானாக அங்கே போய்விடும். ஆனால் ஏற்றல் என்ற வினை ‘கோரிக்கையை’ என்று ஐ உருபைக் கேட்கும். அங்கீகரித்தலும் ஆதரித்தலும் அப்படியே. கேள்வியில் இருப்பது ‘கோரிக்கைக்கு’. நான்கில் கு உருபோடு நிற்கக்கூடியது இணங்குதல் ஒன்றுதான். அர்த்தத்தை எவ்வளவு அலசினாலும் இந்த விடைக்கு வர முடியாது, உருபைப் பார்த்தால் பத்து வினாடியில் வந்துவிடலாம்.

சரி, இதே கேள்வியில் ‘ஆதரித்தது’ இருந்த இடத்தில் ‘ஒப்புக்கொண்டது’ என்று கொடுத்திருந்தால்? ‘தவறை ஒப்புக்கொண்டான்’ என்று ஐ உருபோடும் சொல்கிறோம், ‘பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டார்கள்’ என்று கு உருபோடும் சொல்கிறோம். அப்போது இரண்டு விடைகள் நிற்கும். அது கேள்வியின் குறை, உங்கள் குறை இல்லை. இதைக் கண்டுபிடிக்கவும் அதே உருபுச் சோதனைதான் உதவும். இதைக் கடைசியில் மறுபடி தொடுகிறேன்.

கோட்டுக்கு முன்னால் இன்னொரு தடயமும் கிடைக்கலாம், அது ஒற்று. ‘நண்பன் எனக்குத் ______’ என்று த் போட்டுவிட்டுக் கோடு வரைந்திருந்தால் விடை த வரிசையில் தொடங்கும் சொல் என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடுகிறது. ஆனால் ஒற்று இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விடை தெரிந்துவிடக் கூடாது என்று ஒற்றை வேண்டுமென்றே விட்டுவிடும் வழக்கமும் உண்டு.

அடுத்தது, வாக்கியத்தின் மறுபாதி

உருபுச் சோதனையில் நான்கு சொற்களும் தேறிவிட்டால் என்ன செய்வது? அங்கேதான் உண்மையான நெருங்கிய சொற்கள் வரும். இதைப் பாருங்கள்.

இரண்டு நாள் வெயிலில் பயிர் தலைசாய்ந்து ______. தண்ணீர் பாய்ச்சியதும் நிமிர்ந்தது.
அ) காய்ந்தது   ஆ) உலர்ந்தது   இ) வாடியது   ஈ) கருகியது

நான்கும் தன்வினை, நான்குக்கும் ‘பயிர்’ எழுவாயாக வரலாம். எங்கள் வட்டத்தில் இதைக் கொடுத்தபோது பாதிப் பேர் ‘காய்ந்தது’ என்று போட்டார்கள். ‘பயிர் காய்ஞ்சு போச்சு’ என்பது வீட்டில் தினம் கேட்கும் பேச்சு. அதில் தப்பே இல்லை, வாக்கியம் பாதியில் முடிந்திருந்தால் அதுவும் விடைதான்.

ஆனால் முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஏழு எழுத்தில் ஒரு சொல் நிற்கிறது: பாய்ச்சியதும். அதன் பிறகு ‘நிமிர்ந்தது’. காய்ந்த பயிர் தண்ணீர் விட்டால் நிமிராது. கருகியது நிமிரவே நிமிராது. உலர்தல் என்பது ஈரம் போவதைச் சொல்வது. துணி உலரும், நாக்கு உலரும், தரையில் பரப்பிய நெல் உலரும். பயிரின் தளர்ச்சியை அது சொல்லாது. உயிர் இருக்கிறது, தளர்ந்திருக்கிறது, மீள முடியும் என்ற நிலையைச் சொல்ல வாடுதல் ஒன்றுதான் இருக்கிறது. மாலையில் வாசல் செம்பருத்தி தொங்கிப்போய், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் காலையில் நிற்குமே, அதுதான் வாட்டம்.

ஆகவே உங்கள் விடையைச் சரிபார்க்கும்போது ‘என் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரே பொருளா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும், நீங்களும் விடைக்குறிப்பைத் திட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். ‘என் சொல்லை வைத்த பிறகு மீதி வாக்கியம் உண்மையாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அப்படி உண்மையாக நிற்காமல் போகும் சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். மேலே உள்ள கேள்வியில் அது ‘நிமிர்ந்தது’. நெருங்கிய சொல் தோற்கும் ஒவ்வொரு நல்ல கேள்வியிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். அது கிடைக்கும் வரை கேள்வியை விட்டு நகராதீர்கள்.

இணைப்புச் சொற்களுக்கும் இதே சோதனைதான். ‘எனவே’, ‘ஏனெனில்’ இரண்டும் காரணத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். காரணம் கோட்டுக்கு முன்னால் இருந்தால் எனவே, பின்னால் இருந்தால் ஏனெனில்.

தந்தானா, கொடுத்தானா

இலக்கணப் பகுதியோடு ஒட்டிய ஒரு வகை உண்டு. அதில் பேச்சு வழக்கை நம்பினால் விடை தவறும். தருதல், கொடுத்தல் என்பவற்றை நாம் இன்று வேறுபாடில்லாமல் புழங்குகிறோம். ‘எனக்குக் கொடுத்தான்’ என்று எல்லோரும்தான் சொல்கிறோம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இவற்றை இடத்தை வைத்துப் பிரிக்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியவை. பொருள் என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ வந்தால் தந்தான், அவனை நோக்கிப் போனால் கொடுத்தான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்.

கேட்கும்போதும் மூன்று சொற்கள் உண்டு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார், சமமானவரிடம் ‘தா’, தாழ்ந்தவரிடம் ‘கொடு’. கேட்பவரின் நிலையை வைத்துத்தான் இந்தப் பிரிவு. இதைத் தலைகீழாக மனப்பாடம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுப்பவரின் நிலை என்று படித்துவிட்டால் ஈயும் கொடுவும் இடம் மாறிவிடும்.

எப்போது இந்தப் பழைய பிரிவைப் பிடிக்க வேண்டும், எப்போது இன்றைய வழக்கைப் பிடிக்க வேண்டும்? கேள்வியின் சொற்களைப் பாருங்கள். ‘இலக்கண முறைப்படி’, ‘மரபுப் பிழையற்ற’ என்று வந்தால் பழைய பிரிவு. வெறும் வாக்கியம் நிரப்பச் சொன்னால், தந்தானும் கொடுத்தானும் சேர்ந்து விடைகளில் நிற்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்து நின்றால், கேள்வி எழுதியவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இருந்தால் கவலை இல்லை.

வாக்கியமே இல்லாத சொற்பொருள் கேள்விகள்

இங்கே முறை மாறுகிறது. வாக்கியம் இல்லாததால் மறுபாதி என்று ஒன்று கிடையாது. தீர்ப்புச் சொல்வது பாடநூல்தான்.

போன மாதம் ஒரு பெண் தன் தாளைக் கொண்டு வந்தாள். பூ மரத்திலிருந்து கீழே விழுந்த நிலைக்கு என்ன பெயர் என்று கேள்வி. அரும்பு, போது, வீ, செம்மல் என்று நான்கு விடைகள். அவள் செம்மல் என்று போட்டிருந்தாள்.

“வாடினாத்தானே அண்ணா பூ விழும்? செம்மல்னா வாடின பூதானே, அப்ப அது ஏன் தப்பு?”

“உங்க வீட்டுப் பக்கம் பவழமல்லி இருக்காம்மா?”

“பக்கத்துத் தெருக் கோயில்ல இருக்கு.”

“காலையில அது கீழ கிடக்கும்போது வாடியா கிடக்கு?”

அவள் சற்று யோசித்துவிட்டு, “இல்லண்ணா, புதுசாத்தான் கிடக்கும். பத்து மணிக்கு மேலதான் சுருங்கும்” என்றாள்.

விடை அவள் வாயாலேயே வந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தேவநேயப் பாவாணரின் சொல்வளக் கட்டுரை பூவின் நிலைகளை வரிசையாகத் தருகிறது. தோன்றும் நிலை அரும்பு, விரியத் தொடங்கும் நிலை போது, விரிந்த நிலை மலர், கீழே விழுந்த நிலை வீ, வாடிய நிலை செம்மல். விழுவதும் வாடுவதும் அதில் இரண்டு தனி நிலைகள். அவள் போட்ட விடை அடுத்த படி, கேட்டது முந்தைய படி. ‘செக்கிழுத்த செம்மல்’ என்று வ.உ.சி.யைச் சொல்லும்போது வரும் செம்மல் பெருமைக்கு உரியவர் என்ற பொருளில் வருவது, இதோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதே கட்டுரையில் இலைக்கும் அடிக்கும் பிஞ்சுக்கும் இப்படியே பிரிவுகள் உண்டு. தென்னைக்கும் பனைக்கும் ஓலை, சோளத்துக்கும் கம்புக்கும் தோகை, நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல். இவற்றைப் பட்டியலாக உருப்போட்டவர்கள் தேர்வறையில் தடுமாறுகிறார்கள். எந்தச் செடி, எந்த நிலை என்ற இரண்டு கேள்வியோடு படித்தவர்கள் தடுமாறுவதில்லை. வயல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் ஒருமுறை சந்தைக்குப் போய் வாழைக் கச்சலையும் மாவடுவையும் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம்.

எதிர்ச்சொல் கேள்விகளில் வேறு மாதிரி இடறல் வரும். அங்கே சொல்லின் வகையும் ஒத்திருக்க வேண்டும். நட்புக்கு எதிர் பகை. பகைவன் நண்பனுக்குத்தான் எதிர். கேட்டது பண்பா, ஆளா, செயலா என்று பார்த்துவிட்டால் போதும்.

உங்கள் சொல்லுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் சரிபார்ப்பை முடிக்காதீர்கள். தவறாகப் போட்ட சொல்லை எடுத்து, அதே நான்கு விடைகளில் அது மட்டுமே சரியாகும்படி நீங்களே ஒரு கேள்வி எழுதுங்கள். ‘காய்ந்தது’ போட்டவர் இப்படி எழுதலாம்: ‘அறுத்துப் போட்ட கடலைக்கொடி மூன்று நாளில் சருகாகக் ______.’ அறுத்துப் போட்டதால் வாடுதலோடு நிற்காது, சருகு என்பதால் தீய்ந்து கருகவும் இல்லை. கோட்டுக்கு முன்னால் இருக்கும் க் என்ற ஒற்று உலர்ந்ததையும் வாடியதையும் வெளியே தள்ளிவிடுகிறது. கருகியது மட்டும் க வரிசையில் மிச்சம் இருக்கும், அதைச் சருகு என்ற சொல் தள்ளுகிறது.

எழுத முடிந்தால் இரண்டு சொல்லின் எல்லையும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். முடியாவிட்டால் சரியான விடையை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த தேர்வில் வேறு வாக்கியத்தில் அதே சொல் வந்தால் மறுபடி தவறும். எழுத முடியாமல் திணறும்போது அகராதிக்குப் போங்கள். ஆனால் எந்த அகராதி என்பது முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் அடுக்கும், பழைய நூல்களில் வந்த பொருளைத் தேட அதுவே நல்லது. நெருங்கிய சொற்களைப் பிரிக்க அது அவ்வளவு உதவாது, ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிடும். அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் கை கொடுக்கும். சொல் வாக்கியத்தில் எப்படி வருகிறது என்பதற்கு அதில் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன, உருபும் அதிலேயே தெரிந்துவிடும்.

விடைக்குறிப்பே தவறு என்று தோன்றினால்

எல்லாச் சோதனையும் செய்த பிறகும் உங்கள் சொல் வாக்கியத்தில் உறுதியாக நிற்கிறது என்றால், தவறு விடைக்குறிப்பில் இருக்கலாம். ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தாளில் ‘யானை ______’ என்பதற்கு முழங்கும் என்பதையே விடையாகப் போட்டிருந்தார்கள். மரபுப்படி யானை பிளிறும், சிங்கம் முழங்கும். பிளிறும் என்று போட்ட பிள்ளைகள் தங்கள் விடையை அடித்துத் திருத்திக்கொண்டு படித்திருந்தார்கள். மாதிரித் தாளின் விடையைப் பாடநூலோடு ஒப்பிடாமல் எதையும் அடிக்காதீர்கள்.

உண்மைத் தேர்வில் முறையிட வழி இருக்கிறது. ஆணையம் முதலில் வெளியிடுவது உத்தேச விடைக்குறிப்புதான். அதன் மேல் இணையம் வழியாக ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம் போல அவகாசம் தருவார்கள். கடைசி நாளை விடைக்குறிப்போடு வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாளுக்குப் பிறகு எவ்வளவு நல்ல சான்றும் பயன்படாது.

ஆட்சேபம் எழுதும்போது ‘இரண்டுக்கும் ஒரே பொருள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நெருங்கிய சொல் என்பதால் விடை சரியாகிவிடாது என்று இதுவரை பார்த்தோம், அந்த வாதம் அங்கேயும் நிற்காது. இரண்டு விடையும் அதே உருபோடு, அதே வாக்கியத்தில், மறுபாதியைக் குலைக்காமல் நிற்கின்றன என்று காட்ட வேண்டும். முதலில் பார்த்த கேள்வியில் ‘ஒப்புக்கொண்டது’ இருந்திருந்தால் நான் இப்படி எழுதுவேன்: “ஒப்புக்கொள் என்னும் வினை கு உருபையும் ஏற்கும். இணைப்பில் உள்ள பக்கத்தில் அவ்வாறு வந்துள்ளது. ஆகவே இவ்வினாவுக்கு ஆ, ஈ இரண்டும் விடையாகும்.” மூன்று வரி போதும். கூடவே வகுப்பு, பாடம், பக்க எண் தெரியும்படி பாடநூல் பக்கத்தையோ அகராதிப் பக்கத்தையோ இணையுங்கள். கடையில் வாங்கிய வினாவிடைக் கையேட்டுப் பக்கத்தை இணைப்பதில் பலன் இல்லை, அதில் இருப்பது இன்னொருவர் போட்ட விடை மட்டுமே.

பவழமல்லிப் பெண் தன் குறிப்பேட்டில் அன்று எழுதிக்கொண்டது இதுதான்: “வீ: விழுந்தது, வாடவில்லை. செம்மல்: வாடியது. அடிக்கோடு: கீழே விழுந்த.” அதற்குக் கீழே, செம்மல் மட்டுமே விடையாகும்படி அவளே ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள்: “நேற்றுச் சூடிய பூ இன்று சுருங்கி நிறம் மாறிக் கிடக்கும் நிலை ______.”